நுரையீரல் தமனி அடைப்பில் வலது இருதயத்தின் திணறல்: மின் வரைபடமும் எக்கோ படமும் காட்டும் குறிகள்

காலின் ஆழ்ந்த சிரைகளில் உறைந்த குருதிக்கட்டி ஒன்று பெயர்ந்து, குருதியோட்டத்துடன் மேலேறி, வலது இருதயத்தின் வழியே சென்று நுரையீரல் தமனியில் சிக்கிக்கொள்வதை நுரையீரல் தமனி அடைப்பு என்பர். இந்நோயில் மருத்துவர் முதலில் கையாளும் கருவிகள் இரண்டு: இருதய மின் வரைபடம், எக்கோ படம். இவ்விரண்டும் அடைத்த கட்டியைப் பெரும்பாலும் காட்டுவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்ளவேண்டும். அவை காட்டுவது, அக்கட்டியை எதிர்த்து உந்தும் வலது கீழறையின் திணறலையே. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு அக்குறிகளின் பயனும் எல்லையும் எளிதில் விளங்கும்.

1. வலது கீழறையின் இயல்பு

இருதயத்தின் இரு கீழறைகளும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகின்றன. அளவு ஒன்றேயாயினும் வேலை ஒன்றன்று. இடது கீழறை உடல் முழுவதற்கும் அனுப்ப வேண்டியிருப்பதால் 120 பாதரச மி.மீ. அளவு அழுத்தத்தை எழுப்புகிறது. வலது கீழறை அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டுமே அனுப்புகிறது. அதற்கு 25 மி.மீ. அழுத்தம் போதும். ஆதலின் இடது கீழறையின் சுவர் தடித்தும், வலது கீழறையின் சுவர் 5 மி.மீ.-க்குக் குறைவான மெல்லிய தோற்சுவர் போன்றும் அமைந்துள்ளன. வலது கீழறை மிகுதியான அளவைத் தாங்கும். மிகுதியான அழுத்தத்தைத் தாங்காது.

நுரையீரலின் தமனிக் கிளைகள் பலவாதலால், சிறு கட்டி ஒன்று அடைத்தால் குருதி மற்ற கிளைகளின் வழியே சென்றுவிடும். மொத்தத் தமனிப் பரப்பில் 30 முதல் 50 சதவீதம் வரை அடைபட்ட பின்னரே அழுத்தம் உயரத் தொடங்குகிறது. அப்பொழுது மெல்லிய சுவர் விரிந்து, கீழறை பருக்கிறது. பருத்த கீழறை இரு அறைகளுக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரை இடப்பக்கம் தள்ளுகிறது. இடது கீழறையின் இடம் சுருங்குகிறது. நுரையீரலினின்று அதற்கு வந்து சேரும் குருதியும் குறைகிறது. ஆகவே உடலுக்குச் செல்லும் குருதி குறைந்து, இரத்த அழுத்தம் விழுகிறது. இரத்த அழுத்தம் விழுந்தால் வலது கீழறைச் சுவருக்கு ஊட்டமளிக்கும் குருதியும் குறையும். அச்சுவர் மேலும் சோர்ந்து மேலும் விரியும். இச்சுழலே நோயாளியைக் கொல்வது. இச்சுழலில் நோயாளி எக்கட்டத்தில் இருக்கிறார் என்பதை அறியவே இரண்டு படங்களும் தேவைப்படுகின்றன.

2. ஓர் எடுத்துக்காட்டு

படிப்போர் பின்தொடர எளிதாகும்பொருட்டு, பாடத்திற்கென அமைத்த ஒரு நோயாளியை இங்கே கொள்வோம். ரேணிகுண்டாவுக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் ஏர்பேடு. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கியது. எக்கோ படமும் நுரையீரல் தமனிகளின் சி.டி. படமும் எடுக்கவேண்டுமாயின் இவ்வூரார் திருப்பதிப் பெரிய மருத்துவமனைகளுக்குச் செல்வது வழக்கம். மின் வரைபடமோ சிறு சுகாதார நிலையத்திலும் எடுக்கத்தக்கது. எனவே முதல் முடிவு மின் வரைபடத்தைக் கொண்டே செய்யப்படுகிறது.

நம் நோயாளி 46 வயதுக் கூலித் தொழிலாளி. முன்காலெலும்பு முறிந்து மூன்று வாரமாக மாவுக்கட்டுடன் படுத்திருந்தவர். காலையில் எழுந்து புழக்கடை வரை நடந்தபொழுது திடீரென மூச்சு முட்டி, கண் இருண்டு, சுவரைப் பற்றிக்கொண்டு அமர்ந்தார். சுகாதார நிலையத்தில் அவருடைய நாடி நிமிடத்திற்கு 118; சுவாசம் 28; இரத்த அழுத்தம் 104/70; குருதியின் ஆக்ஸிஜன் நிறைவு 89 சதவீதம். கழுத்துச் சிரைகள் புடைத்திருந்தன. ஆயினும் மார்பில் காதுக்குழாய் வைத்துக் கேட்டபொழுது இருபுறமும் மூச்சொலி தெளிவாகவே இருந்தது.

மூச்சு முட்டுகிறது, ஆக்ஸிஜன் குறைந்துள்ளது, ஆனால் நுரையீரல் தெளிவாக உள்ளது. இம்மூன்றும் சேர்ந்திருப்பதே முதல் எச்சரிக்கை. இடது இருதயம் தளர்ந்திருப்பின் நுரையீரலின் அடிப்பகுதியில் நீர் சேர்ந்து நறநறவென்ற ஒலி கேட்டிருக்கும்.

3. மின் வரைபடத்தில் காண்பன

மின் வரைபடத்தின் ஒவ்வொரு லீடும் இருதயத்தை ஒவ்வொரு திசையினின்று நோக்கும் கண்ணைப் போன்றது. முதல் லீட் இடப்புறத்தினின்று நோக்குகிறது. மூன்றாம் லீட் கீழ்வலப்புறத்தினின்று நோக்குகிறது. மார்பெலும்பின் அருகே வைக்கும் வி1 முதலாய லீடுகள் வலது கீழறைக்கு நேர் முன்னே அமைந்துள்ளன. ஆகவே வலது கீழறையின் துன்பம் மூன்றாம் லீடிலும் வி1-ஐ ஒட்டிய லீடுகளிலும் முதலில் தென்படுவது இயற்கை.

நம் நோயாளியின் வரைபடத்தில் நான்கு செய்திகள் இருந்தன. துடிப்பு ஒழுங்கானது, ஆனால் விரைவானது. முதல் லீடில் ஆழ்ந்த எஸ் அலை இருந்தது. மூன்றாம் லீடில் க்யூ அலை தோன்றியதோடு டீ அலையும் தலைகீழாய் இருந்தது. வி1 முதல் வி4 வரை டீ அலைகள் தலைகீழாய் இருந்தன.

இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்ததே எஸ்1 க்யூ3 டீ3 எனப் பெயர்பெற்ற அமைப்பு. பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான சில்வெஸ்டர் மெக்கின், பால் டட்லி ஒயிட் ஆகிய இருவரும் 1935-இல் இதனை விவரித்தனர். அக்காலத்தில் கை கால்களில் இணைக்கும் மூன்று லீடுகளே பெருவழக்கில் இருந்தன. மார்பு லீடுகள் முறைப்படுத்தப்படவில்லை. ஆதலின் அவர்கள் கண்ட அமைப்பு அம்மூன்று லீடுகளைக்கொண்டே பெயர் பெற்றது. மாணவர் பலரும் இதனையே இந்நோயின் முத்திரை என மனப்பாடம் செய்கின்றனர். உண்மையில் இது நோயாளிகளுள் சிறுபான்மையினரிடமே காணப்படுகிறது. இந்நோயற்ற வேறு நுரையீரல் நோயாளிகளிடமும் இது தோன்றக்கூடும். சிறிய அடைப்பாயின் விரைந்த துடிப்பைத் தவிர வேறொன்றும் இராது.

எஸ்1 க்யூ3 டீ3-ஐக் காட்டிலும் வலது கீழறையின் திணறலை நன்கு உணர்த்துவது, வி1 முதல் வி4 வரையுள்ள டீ அலைகளின் தலைகீழ் நிலையாகும். விரிந்த சுவரில் குருதியூட்டம் குன்றி, மின்னூட்டம் மீளும் முறை மாறுவதே இதன் காரணம். அறை விரியும்பொழுது வலக்கிளைக் கம்பியின் வழியே மின்னலை செல்லுதல் தாமதமாகி, வலக்கிளைத் தடை என்னும் அமைப்பும் புதிதாய்த் தோன்றலாம். இது பெரிய அடைப்பின் குறி.

4. தவறு நேரும் இடம்

இவ்வரைபடத்தைக் கண்டு மாரடைப்பு என முடிவு செய்வதே பெரும்பாலும் நேரும் பிழை. மூன்றாம் லீடில் க்யூ அலையும் தலைகீழ் டீ அலையும் இருத்தலால் இருதயத்தின் அடிப்பகுதியில் மாரடைப்பு எனத் தோன்றும். வி1 முதல் வி4 வரையுள்ள மாற்றத்தால் முன்பகுதியில் குருதியூட்டக் குறைவு எனத் தோன்றும். கருவி தானே அச்சிடும் குறிப்பும் பெரும்பாலும் இவ்வாறே கூறும். ட்ரோப்போனின் என்னும் இருதயத் தசைப்பொருள் குருதியில் உயர்ந்திருப்பதும் இப்பிழையை உறுதிப்படுத்துவதுபோல் தோன்றும். ஆனால் திணறும் வலது கீழறையும் அப்பொருளை வெளியிடும்.

இரண்டையும் பிரித்தறிய மூன்று வினாக்கள் உதவும். முதலாவது, மூன்றாம் லீடில் கண்ட க்யூ அலை இரண்டாம் லீடிலும் உண்டா? அடிப்பகுதி மாரடைப்பில் அண்டை லீடுகளும் மாறுவது வழக்கம். நம் நோயாளியின் இரண்டாம் லீடில் க்யூ அலை இல்லை. இரண்டாவது, டீ அலை மூன்றாம் லீடிலும் வி1-லும் ஒருங்கே தலைகீழாய் உள்ளதா? முன்பகுதிக் குருதியூட்டக் குறைவில் இவ்விரண்டும் சேர்ந்து தலைகீழாவது அரிது; வலது கீழறைத் திணறலில் அது பெரிதும் காணப்படுவது. ஜப்பானிய மருத்துவர் கொசுகேயும் உடனுழைத்தோரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. மூன்றாவது, நோயாளியின் வரலாறு எதனைக் கூறுகிறது? நெஞ்சை அழுத்தும் வலியின்றி மூச்சுமுட்டலே முதன்மையாய், மூன்று வார மாவுக்கட்டுக்குப் பின் வந்த மயக்கம், கால் சிரையை நோக்கிக் கைகாட்டுகிறது.

இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்புக் கூறாது. மூன்றும் ஒரே திசையைக் காட்டும்பொழுது ஐயம் வலுப்பெறுகிறது, அவ்வளவே. நம் நோயாளிக்கு ஆக்ஸிஜன் அளித்து, உடனிருந்து கவனிக்கப் பணியாளர் ஒருவருடன், படுத்த நிலையிலேயே திருப்பதிக்கு அனுப்பவேண்டும்; அவரை நடக்கவிடலாகாது. இரத்த அழுத்தம் குறைவாயுள்ளது எனக் கருதிப் பாட்டில் பாட்டிலாக உப்பு நீர் ஏற்றுதலும் கூடாது. ஏற்கெனவே விரிந்து நிற்கும் வலது கீழறை, கூடுதல் நீரால் மேலும் விரிந்து இடது கீழறையை நெருக்கும். தேவைப்பட்டாலும் 500 மில்லி லிட்டருக்கு மேற்படாமல், கவனித்துக்கொண்டே ஏற்றுவது முறை.

5. எக்கோ படத்தில் காண்பன

எக்கோ கருவி செவிக்குக் கேளாத நுண்ணொலியை நெஞ்சினுள் செலுத்தி, எதிரொலியைக்கொண்டு இருதயத்தின் அசைவைப் படமாக்குகிறது. மின் வரைபடம் ஊகமாய்க் கூறியதை இங்கே நேரில் காணலாம்.

முதலில் அறைகளின் அளவு. இயல்பாக வலது கீழறை இடது கீழறையினும் சிறியது. நம் நோயாளிக்கு அடிப்பக்கத்தில் வலது அறை 46 மி.மீ., இடது அறை 38 மி.மீ. எனக் கொள்வோம். விகிதம் 1.2. இது 1-ஐக் கடந்தால் வலது அறை விரிந்துள்ளது என்பது பொருள். குறுக்கு வெட்டாய்ப் பார்த்தால் இடது கீழறை வட்டமாய்த் தெரிவதே இயல்பு. இவருக்கோ தடுப்புச் சுவர் இடப்பக்கம் தள்ளப்பட்டு, ஒருபுறம் தட்டையான அரைவட்டமாய்த் தெரிகிறது.

அடுத்தது சுவரின் அசைவு. ஒவ்வொரு துடிப்பிலும் மூவிதழ் வால்வின் வளையம் இருதய நுனியை நோக்கி இழுக்கப்படுகிறது. இவ்விழுப்பு இயல்பாக 17 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்டது. இவருக்கு 14 மி.மீ. மட்டுமே. மேலும் வலது அறையின் வெளிச்சுவர் நடுப்பகுதியில் அசைவற்று நிற்க, நுனி மட்டும் நன்றாய்த் துடிக்கிறது. இதனை மெக்கானெல் குறி என்பர், 1996-இல் விவரிக்கப்பட்டது. இதுவும் முத்திரையன்று, வலது கீழறையின் மாரடைப்பிலும் தோன்றும்.

மூன்றாவது அழுத்தம். அறை விரிந்தால் வால்வின் வளையமும் விரிந்து, இதழ்கள் முற்றும் மூடாமல், குருதி மேலறைக்குப் பின்னோக்கிப் பீறிடும். அப்பீறலின் வேகத்தை அளந்தால் இரு அறைகளுக்கும் இடையேயுள்ள அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடலாம். வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கவேண்டும். இவருக்கு வேகம் வினாடிக்கு 3.2 மீட்டர். ஆகவே,

4 × 3.2 × 3.2 = 41 பாதரச மி.மீ. (ஏறத்தாழ)

இது இயல்பினும் மிகுதி. எனினும் எண்பது தொண்ணூறு என ஏறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இதிலேயே அடுத்த கேள்விக்கு விடை உள்ளது.

6. புதிய பாரமா, பழைய பாரமா?

நீண்ட காலம் புகைத்து நுரையீரல் கெட்டவருக்கும், ஆண்டுக்கணக்கில் நுரையீரல் தமனி அழுத்தம் உயர்ந்தவருக்கும் வலது கீழறை விரிந்திருக்கும்; தடுப்புச் சுவரும் தட்டையாய் இருக்கும். அவர்களுக்கு வேறு காரணத்தால் மூச்சுமுட்டல் வந்தால், எக்கோ படத்தைக் கண்டு புதிய அடைப்பு எனத் தவறாகக் கருத இடமுண்டு.

பிரித்தறியும் வழி எளிது. நாள்தோறும் சுமை தூக்குபவனின் தோள் திரண்டிருப்பதுபோல், பல்லாண்டு பாரம் தாங்கிய வலது கீழறையின் சுவர் தடித்திருக்கும். அத்தகைய சுவர் 5 மி.மீ.-ஐக் கடந்திருக்கும், 60 மி.மீ.-க்கு மேற்பட்ட அழுத்த வேறுபாட்டையும் எழுப்பவல்லது. பழக்கமில்லாத மெல்லிய சுவரோ திடீரென வந்த பாரத்திற்கு எதிராகச் சராசரி 40 மி.மீ.-க்கு மேல் தமனி அழுத்தத்தை எழுப்ப இயலாது, அதற்குமுன் சோர்ந்துவிடும். ஆகவே மிக உயர்ந்த அழுத்தம் பழைய நோயைக் காட்டுகிறது. மிதமான அழுத்தத்துடன் சோர்ந்த அறை, புதிய அடைப்பைக் காட்டுகிறது.

இதற்குத் துணையாக இன்னோர் அளவையும் எடுப்பர். நுரையீரல் தமனியில் பாயும் குருதி, பாயத் தொடங்கியதிலிருந்து உச்ச வேகத்தை அடைய இயல்பாக 100 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். அருகிலேயே அடைப்பிருந்தால் குருதி விரைவில் முட்டித் தடைபடுவதால் இந்நேரம் குறுகும். நேரம் 60 மில்லி வினாடிக்குக் குறைந்தும், அழுத்த வேறுபாடு 30-க்கு மேற்பட்டு 60 மி.மீ.-க்கு உட்பட்டும் இருப்பின் புதிய அடைப்பு மிகவும் சாத்தியம். நம் நோயாளிக்கு நேரம் 55 மில்லி வினாடி, வேறுபாடு 41 மி.மீ., சுவர் 4 மி.மீ. மூன்றும் புதிய பாரத்தையே சொல்கின்றன. பின்னர் எடுத்த சி.டி. படத்தில் இருபுறத் தமனிகளிலும் கட்டி தெரிந்தது எனக் கொள்வோம்.

7. குறிகளைக்கொண்டு செய்யும் முடிவு

இரத்த அழுத்தம் 90-க்குக் கீழ் விழுந்து நீடிக்குமாயின் அது உயிருக்கு உடனடி ஆபத்து. அந்நிலையில் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுப்பது முறை. அதனைக் கொடுக்கலாகாதவர்க்கு அறுவையோ குழாய்வழிச் சிகிச்சையோ செய்வர். அதிர்ச்சியுற்ற நோயாளியைச் சி.டி. அறைக்குக் கொண்டுசெல்ல இயலாதபொழுது, எக்கோவில் வலது கீழறை விரிந்திருப்பதைக் கொண்டே முடிவு செய்வதுண்டு. அத்தகையவரிடம் வலது கீழறை இயல்பாய் இருப்பின், அதிர்ச்சிக்குக் காரணம் இவ்வடைப்பு அன்று என ஏறக்குறையத் துணியலாம்.

நம் நோயாளியின் நிலை வேறு. இரத்த அழுத்தம் நிற்கிறது, வலது கீழறை திணறுகிறது, ட்ரோப்போனினும் உயர்ந்துள்ளது. இத்தகையோர்க்கும் கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் என்ன என்பதை 1005 நோயாளிகளிடம் சோதித்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2014-இல் வெளியாயிற்று. ஏழு நாட்களுக்குள் இறந்தோரும் குருதியோட்டம் குலைந்தோரும், மருந்து பெறாதவருள் நூற்றுக்கு 5.6, டெனெக்டெப்லேஸ் பெற்றவருள் 2.6. ஆனால் பக்கவாதத் தாக்குதல் நூற்றுக்கு 0.2 என்பதிலிருந்து 2.4 ஆக உயர்ந்தது. பெரும்பாலானவை மூளையில் குருதி கசிந்ததால் நேர்ந்தவை. ஆகவே திணறல் குறி மட்டும் இருப்பின் ஹெப்பாரின் போன்ற உறைவெதிர் மருந்தை அளித்து, முதல் இரண்டு மூன்று நாட்கள் இடைவிடாது கண்காணித்து, அழுத்தம் விழுந்தால் மட்டுமே கரைக்கும் மருந்தை நாடுவது இன்றைய வழக்கம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. இரத்த அழுத்தம் இயல்பாயுள்ள நோயாளியிடம் மின் வரைபடமும் எக்கோ படமும் குற்றமற்றிருப்பின் அடைப்பே இல்லை எனக் கூறலாகாது. தமனிப் பரப்பில் சிறு பகுதியே அடைபட்டிருந்தால் வலது கீழறை அதனை உணர்வதே இல்லை. ஐயம் இருப்பின் சி.டி. படமே தீர்ப்புக் கூறவேண்டும்.

8. பின் நாட்களில்

சிகிச்சை பலிக்கத் தொடங்கிய பின் மார்பு லீடுகளின் டீ அலைகள் சில நாட்கள் மேலும் ஆழ்ந்து தோன்றலாம். அதனைக் கண்டு நோய் முற்றியது எனக் கலங்க வேண்டியதில்லை. நாடி, மூச்சு, அழுத்தம் ஆகியவை சீரடைகின்றனவா என்பதே அப்பொழுது கவனிக்கத்தக்கது. எக்கோவில் அறைகளின் விகிதம் 1-க்குக் கீழிறங்குவதும் வால்வு வளையத்தின் இழுப்பு 17 மி.மீ.-ஐக் கடப்பதும் மீட்சியின் அடையாளங்கள்.

மூன்று மாதம் உறைவெதிர் மருந்து உண்ட பின்னும் நடந்தால் மூச்சிரைப்பவரை ஊர்ப் பணியாளர் மீண்டும் மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். சிலருக்குக் கட்டி கரையாமல் நாராகித் தமனிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அவர்களுடைய எக்கோ படத்தில், முன்னர் மெல்லியதாய் இருந்த சுவர் தடித்தும், அழுத்தம் உயர்ந்தும் இருக்கும். புதிய பாரம் பழைய பாரமாய் மாறியதன் குறி அது. இந்நிலைக்குத் தனிச் சிகிச்சை உண்டு. தக்கவருக்கு அறுவையால் தமனியைத் துப்புரவு செய்யவும் இயலும்.

பயிற்சி வினாக்கள்

1. நுரையீரல் தமனிப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு மட்டும் அடைபட்டால் எக்கோ படம் இயல்பாய் இருப்பதேன்?

2. மூன்றாம் லீடின் க்யூ அலையை மாரடைப்பின் குறி எனக் கொள்ளுமுன் வரைபடத்தில் வேறு எவற்றை நோக்கவேண்டும்?

3. மூச்சுமுட்டலுடன் வந்த ஒருவருக்கு வலது கீழறைச் சுவர் 8 மி.மீ.; பின்னோக்கிய பீறலின் வேகம் வினாடிக்கு 4.3 மீட்டர். அழுத்த வேறுபாட்டைக் கணக்கிட்டு, பாரம் புதியதா பழையதா எனக் கூறுக.

4. வலது கீழறை விரிந்துள்ள நோயாளிக்கு மிகுதியாக உப்பு நீர் ஏற்றுதல் இடது கீழறையை எவ்வாறு பாதிக்கும்?